பி-மதிப்பு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது? எட்டுக் கோப்பை டீயை வைத்து ஒரு விளக்கம்

"பி-மதிப்பு 0.03 வந்திருக்கு, அப்படின்னா நாம சொன்னது 97 சதவீதம் சரி." புள்ளியியல் அறிமுக வகுப்பில் இந்த வாக்கியம் காதில் விழாமல் ஒரு செமஸ்டர் கழிவது அபூர்வம். மருந்துச் செய்திகளிலும் இதையே வேறு சொற்களில் எழுதுகிறார்கள். இது தவறு. கொஞ்சம் பிசகிய தவறு என்றுகூடச் சொல்ல முடியாது, கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன விடை வேறொன்றுக்கு என்ற வகைத் தவறு.

சூத்திரம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அந்தச் சூத்திரம் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதுதான் நழுவிப் போகிறது. இசட் அட்டவணை, டி அட்டவணை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, விரல் விட்டு எண்ணக்கூடிய ஒரே ஒரு சோதனையை முழுசாகப் பார்த்தால் இது தெளிந்துவிடும்.

## நடுவர் எங்கிருந்து தொடங்குகிறார்?

முதலில் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. முறையீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து காலில் பட்டதும் பந்துவீச்சாளர் கத்துகிறார். நடுவர் எந்த நிலையிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்? நாட் அவுட் என்பதிலிருந்து. சந்தேகம் இருந்தால் அதன் பலன் மட்டையாளருக்குப் போகும். பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று நம்பப் போதுமான காரணம் கிடைத்தால் மட்டுமே விரல் உயரும்.

விரல் உயரவில்லை என்றால் அந்தப் பந்து ஸ்டம்பைத் தொட்டிருக்காது என்று நடுவர் நிரூபித்துவிட்டாரா? இல்லை. அவுட் கொடுக்கப் போதுமான காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி முதலில் ஏற்றுக்கொண்டு தொடங்கும் நிலைக்குப் புள்ளியியலில் இன்மைக் கருதுகோள் என்று பெயர். பெரும்பாலும் அது "எந்த விளைவும் இல்லை, எந்த வேறுபாடும் இல்லை" என்று சொல்லும். அதற்கு எதிரே நிற்பது மாற்றுக் கருதுகோள். கையில் உள்ள தரவு இன்மைக் கருதுகோளைக் கைவிடும் அளவுக்கு வலுவானதா என்று பார்க்கும் முறைதான் கருதுகோள் சோதனை.

## ரோதம்ஸ்டெட்டில் ஒரு டீ

1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் வேலை பார்த்தார். அங்கே பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் மியூரியல் பிரிஸ்டல். ஒருநாள் டீ நேரத்தில் ஃபிஷர் நீட்டிய கோப்பையை அவர் வாங்க மறுத்தார் என்று சொல்வார்கள். கோப்பையில் பாலை முதலில் ஊற்றி அதன்மேல் டீயை ஊற்றினால்தான் தனக்குப் பிடிக்கும், இதில் டீயை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள் என்பது அவர் சொன்ன காரணம். எதை முதலில் ஊற்றினால் என்ன, ருசியில் தெரியவா போகிறது என்று ஃபிஷருக்குத் தோன்றியது. நம்மூர் டீக்கடையில் மாஸ்டரிடம் இப்படி ஒரு வழக்கை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். ரோதம்ஸ்டெட்டிலோ சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

1935-இல் சோதனைகளை வடிவமைப்பது பற்றி ஃபிஷர் எழுதிய புத்தகத்தில் இதை, பெண்ணின் பெயரைச் சொல்லாமல், ஒரு முன்மாதிரிச் சோதனையாக விவரித்தார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். எந்த வரிசையில் வரும் என்பது தெரியாது, ஆனால் நான்குக்கு நான்கு என்பது அவருக்குத் தெரியும். ருசித்துப் பார்த்து, பால் முதலில் ஊற்றிய நான்கு கோப்பைகளைப் பிரித்து எடுக்க வேண்டும்.

இன்மைக் கருதுகோள்: அவருக்கு வித்தியாசம் தெரியாது, எடுக்கும் நான்கும் வெறும் ஊகம்.

மாற்றுக் கருதுகோள்: அவருக்கு ஓரளவாவது தெரியும்.

## எழுபது வழிகள்

அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம். எட்டில் நான்கைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க எத்தனை வழிகள்? முதல் கோப்பைக்கு 8 வாய்ப்பு, அடுத்ததற்கு 7, அப்புறம் 6, 5. பெருக்கினால் 1,680. எடுத்த வரிசை நமக்கு முக்கியமில்லை, ஆகவே நான்கு பொருள்களை வரிசைப்படுத்தும் 24 வழிகளால் வகுக்கிறோம். 70 வருகிறது.

இந்த எழுபதில் நான்கும் சரியாக அமைவது ஒரே ஒரு வழியில். ஆகவே வெறும் ஊகத்தில் நான்கையும் சரியாக எடுக்கும் நிகழ்தகவு 70-இல் 1, அதாவது சுமார் 0.014.

அவர் நான்கையும் சரியாக எடுத்துவிட்டால், இந்த 0.014-தான் பி-மதிப்பு. வரையறையாகச் சொன்னால்: இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிடத் தீவிரமாகவோ ஒரு முடிவு வருவதற்கான நிகழ்தகவு பி-மதிப்பு.

"அதைவிடத் தீவிரமாகவோ" என்ற சொற்கள் ஏன் என்பது, அவர் மூன்றை மட்டும் சரியாக எடுத்தால் தெரியும். சரியான நான்கில் மூன்றை எடுக்க 4 வழிகள், தவறான நான்கில் ஒன்றை எடுக்க 4 வழிகள். பெருக்கினால் 16. இதைவிடத் தீவிரமான முடிவு நான்கும் சரியாவது, அதற்கு 1 வழி. மொத்தம் 17. பி-மதிப்பு 17/70, சுமார் 0.24.

இது பலருக்கும் வியப்பாக இருக்கும். நான்கில் மூன்று சரி என்றால் கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஒன்றுமே தெரியாத ஆளுக்கும் ஏறக்குறைய நான்கு தடவைக்கு ஒரு தடவை இது வாய்த்துவிடும். அதனால் இந்தச் சோதனையில் ஒரு கோப்பை தவறினாலும் இன்மைக் கருதுகோளை அசைக்க முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒன்றும் இல்லை என்ற நிலையை ஏற்றுக்கொண்டு தொடங்கினோம். அந்த நிலையில் என்னென்ன நடக்கலாம் என்று எண்ணினோம். நடந்தது அந்தப் பட்டியலில் எவ்வளவு அரிது என்று பார்த்தோம். இசட் சோதனை, டி சோதனை எல்லாம் செய்வது இதைத்தான். கையால் எண்ண முடியாத இடத்தில் வளைகோட்டின் பரப்பை எடுத்துக்கொள்கிறார்கள்.

## அந்த எழுபதை எது நியாயமாக்குகிறது?

பாடப்புத்தகங்கள் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. எழுபது வழிகளும் சம வாய்ப்புள்ளவை என்று எப்படிச் சொன்னோம்? கோப்பைகளின் வரிசையைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்ததால்தான் சொன்னோம்.

குலுக்கவில்லை என்று வையுங்கள். பால் முதலில் ஊற்றிய நான்கையும் முன்னால் தயாரித்து, மற்ற நான்கைப் பின்னால் தயாரித்தால், முதல் நான்கு சற்று ஆறியிருக்கும். ருசியே தெரியாதவர்கூடச் சூட்டை வைத்துப் பிரித்துவிடுவார். நான்கும் சரியாக வரும், காகிதத்தில் பி-மதிப்பு 0.014 என்றுதான் இருக்கும், ஆனால் அதற்கு அர்த்தம் இல்லை. கோப்பைகளின் தடிமன், சர்க்கரை, ஊற்றியவரின் முகபாவம் என்று இப்படிக் கசியக்கூடிய வழிகள் நிறைய. ஒவ்வொன்றையும் அடைத்து முடியாது. வரிசையைக் குலுக்கிவிட்டால், அடைபடாமல் போன சின்னச் சின்ன வேறுபாடுகள் இரண்டு வகைக் கோப்பைகளிலும் தற்செயலாகச் சிதறிவிடும். ஊகிப்பவருக்கு 70-இல் 1 என்ற கணக்கு அப்போதுதான் நிற்கும். ஃபிஷர் அந்த அத்தியாயத்தில் மெனக்கெட்டு வற்புறுத்துவது இதைத்தான்.

ஒரு ஆய்வில் பி-மதிப்பைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, யாருக்கு எது என்று எப்படிப் பிரித்தார்கள் என்ற வரியைத்தான்.

## 0.05 என்ற கோடு

பி-மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தால் இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம்? இந்த எல்லையைத் தரவு கைக்கு வரும் முன்பே வரைந்துவிட வேண்டும். வகுப்பில் இதை சிக்னிஃபிகன்ஸ் லெவல் என்பார்கள், ஆல்பா என்றும் குறிப்பார்கள். பெரும்பாலும் 0.05 எடுத்துக்கொள்வது, இருபதில் ஒன்று வசதியான அளவு என்று ஃபிஷர் எழுதியதிலிருந்து வந்த பழக்கம். அதற்குமேல் அதில் இயற்கை விதி எதுவும் கிடையாது. ஹிக்ஸ் போசான் கண்டுபிடிப்பை 2012-இல் அறிவித்த இயற்பியலாளர்கள் ஐந்து சிக்மா கேட்டார்கள், அதாவது சுமார் 35 லட்சத்தில் ஒன்று.

கோடு எங்கே இருக்கிறது என்பது சோதனையின் அளவையும் பாதிக்கும். மூன்றுக்கு மூன்று என ஆறு கோப்பைகள் மட்டும் வைத்தால் மொத்த வழிகள் 20. எல்லாம் சரியாக வந்தாலும் பி-மதிப்பு சரியாக 0.05-இல்தான் நிற்கும். நாலு கோப்பை என்றால் ஆறில் ஒன்று. அந்தச் சோதனையை நடத்தவே வேண்டாம், எந்த முடிவு வந்தாலும் அது 0.05-ஐத் தாண்டி உள்ளே வராது.

## இரண்டு வகைப் பிழைகள்

மீண்டும் நடுவரிடம் போவோம். அவர் இரண்டு விதமாகத் தவறலாம். நாட் அவுட் ஆனவரை அவுட் என்று அனுப்பலாம். அவுட் ஆனவரை நிற்க விடலாம்.

இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும்போது அதை நிராகரித்துவிடுவது முதல் வகைப் பிழை. அது பொய்யாக இருக்கும்போது நிராகரிக்காமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை. இந்தப் பிரிவினையைக் கொண்டுவந்தவர்கள் யெர்சி நெய்மனும் எகன் பியர்சனும். ஃபிஷருக்கு இது பிடிக்கவில்லை, காலம் முழுக்கச் சண்டை போட்டார். இன்றைய பாடப்புத்தகங்களோ இரண்டு தரப்பையும் ஒரே அத்தியாயத்தில் சமாதானமாக உட்கார வைத்திருக்கின்றன. மாணவர்கள் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்களோடு பார்க்கச் சோதனையைச் சற்று மாற்றுவோம். இப்போது 20 கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் நாணயம் சுண்டி, பால் முதலிலா டீ முதலிலா என்று முடிவு செய்கிறோம். ஒன்றும் தெரியாதவர் ஒவ்வொரு கோப்பையிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் சரியாகச் சொல்வார். 15 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் "இவருக்குத் தெரியும்" என்று ஏற்பதாகக் கோடு போடுகிறோம்.

முதல் வகைப் பிழைக்கான வாய்ப்பு: தெரியாதவர் 15-ஐத் தொடும் நிகழ்தகவு. அது 0.021.

இரண்டாம் வகைப் பிழைக்கு இப்படி நேரடியாக ஓர் எண் சொல்ல முடியாது. "தெரியும்" என்றால் எந்த அளவுக்குத் தெரியும் என்று முதலில் சொல்ல வேண்டும். நான்கு கோப்பைக்கு மூன்று என்ற விகிதத்தில் சரியாகச் சொல்லக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நாக்குதான். அவர் 14-க்குள் நின்றுபோகும் நிகழ்தகவு 0.383. அதாவது உண்மையிலேயே திறமை உள்ளவரை நூற்றுக்கு 38 தடவை நம் சோதனை திருப்பி அனுப்பிவிடும். மீதி 62 தடவை கண்டுபிடிக்கும். இந்த 0.62-க்குச் சோதனையின் திறன் என்று பெயர்.

ஆர் மென்பொருள் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்:

```r
1 - pbinom(14, 20, 0.5)
pbinom(14, 20, 0.75)
```

முதல் வரி 0.0207 தரும், இரண்டாவது 0.3828.

கோட்டை நகர்த்தினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

| 20 கோப்பையில் கோடு | முதல் வகைப் பிழை | இரண்டாம் வகைப் பிழை |
|---|---|---|
| 14 | 0.058 | 0.214 |
| 15 | 0.021 | 0.383 |
| 16 | 0.006 | 0.585 |

ஒன்றை அமுக்கினால் மற்றொன்று எகிறுகிறது. "முதல் வகைப் பிழை கெட்டது, ஆல்பாவை 0.01 ஆக்கிவிடு" என்பவர்கள் மூன்றாவது வரியைப் பார்க்க வேண்டும். அங்கே திறமையுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோற்றுப்போகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமென்றால் கோப்பைகளைக் கூட்ட வேண்டும். 40 கோப்பை வைத்து 26-இல் கோடு போட்டால், அட்டவணையின் முதல் வரியைவிட இரண்டுமே குறைகின்றன: முதல் வகைப் பிழை 0.040, இரண்டாம் வகைப் பிழை 0.054. ஒரே உட்காரலில் 40 டீ யார் குடிப்பது என்பது வேறு பிரச்சினை. மருந்துச் சோதனையில் அதே பிரச்சினை பணமாகவும் நோயாளிகளின் எண்ணிக்கையாகவும் வருகிறது. எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைத் திறனைக் கணக்கிட்டு முன்பே முடிவு செய்வது அதனால்தான்.

ஆக, ஆல்பா நாம் தேர்ந்தெடுக்கும் எண். இரண்டாம் வகைப் பிழை அந்தத் தேர்வையும், மாதிரியின் அளவையும், உண்மையான விளைவு எவ்வளவு பெரியது என்பதையும் பொறுத்து அமையும். 20 கோப்பையில் ஒருவர் 13 சரியாகச் சொல்லித் தோற்றால், "அவருக்குத் தெரியாது என்று நிரூபணமானது" என்று எழுதக் கூடாது. நூற்றுக்கு 38 தடவை தவறவிடும் சோதனை அப்படிச் சொல்ல லாயக்கற்றது. "இன்மைக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்பதோடு நிறுத்த வேண்டும்.

## அப்போது அந்த 97 சதவீதம்?

இனி முதலில் சொன்ன தவறுக்கு வருவோம். பி-மதிப்பு சொல்வது, இவருக்குத் தெரியாது என்றால் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு. நாம் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது, இப்படி ஒரு முடிவு வந்திருக்கும்போது இவருக்குத் தெரியாமல் இருக்கும் வாய்ப்பு. இரண்டும் ஒன்று போல ஒலிக்கின்றன, ஆனால் திசை நேர் எதிர்.

ஒரு கற்பனைக் கணக்கு. "எனக்கு வித்தியாசம் தெரியும்" என்று 1,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 100 பேருக்கு மட்டும் உண்மையிலேயே அந்த முக்கால் பங்குத் திறமை இருக்கிறது, 900 பேருக்கு ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் 20 கோப்பை, 15-இல் கோடு. திறமையுள்ள 100 பேரில் சுமார் 62 பேர் தேறுவார்கள். தெரியாத 900 பேரில் 0.021 பங்கு, சுமார் 19 பேர், அதிர்ஷ்டத்தில் தேறுவார்கள். தேறியவர்கள் மொத்தம் 81. அவர்களில் 19 பேர் போலி. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர்!

ஆயிரத்தில் 20 பேருக்குத்தான் திறமை என்றால்? 12 பேர் திறமையால் தேறுவார்கள், 980 பேரில் 20 பேர் அதிர்ஷ்டத்தால் தேறுவார்கள். தேறியவர்களில் போலிகளே அதிகம். சோதனை அதேதான், கோடும் அதேதான், முதல் வகைப் பிழையும் மாறவில்லை. வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தெரியும் என்பது மட்டுமே மாறியது. அந்தத் தகவல் பி-மதிப்புக்குள் எங்குமே இல்லை. ஆகவே 0.03-ஐ ஒன்றிலிருந்து கழித்து 97 சதவீதம் என்று எடுக்க வழியே கிடையாது. ஆய்வு செய்யப்படும் கருதுகோள் உண்மையா என்பதற்கான நிகழ்தகவைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று. தொழில்முறை ஆய்வாளர்களும் இங்கே வழுக்கி விழுவதுதான் காரணம்.

## சின்னப் பி-மதிப்பு, பெரிய விளைவு?

இன்னொரு வழுக்கல் உண்டு. ஒருவருக்கு 10,000 கோப்பைகள் கொடுக்கிறோம் என்று வையுங்கள். 5,100 சரியாகச் சொல்கிறார். வெறும் 51 சதவீதம். பி-மதிப்பு சுமார் 0.023 வரும், கோட்டைத் தாண்டிவிட்டார். முன்பு பார்த்த 20 கோப்பைச் சோதனையில் 15 சரியாகச் சொன்னவருக்கும் பி-மதிப்பு 0.021. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்தான். ஒருவர் நாணயம் சுண்டுவதைவிட மயிரிழை மேல், இன்னொருவர் 75 சதவீதம்.

"புள்ளியியல்படி சிக்னிஃபிகன்ட்" என்று செய்தியில் வந்தால் வித்தியாசம் பெரியது என்று அர்த்தமில்லை. வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாத அளவுக்குத் தரவு இருக்கிறது என்பதே அதன் பொருள். எவ்வளவு பெரியது என்பதற்குப் பி-மதிப்பின் பக்கத்தில் வேறு இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: எத்தனை கோப்பை, அதில் எத்தனை சரி.